நான் வெட்டிய இரண்டு நிமிடம் ஐம்பத்தொரு விநாடி

என் வேலையே வெட்டுவதுதான். காய் நறுக்கும் கருவி, முதுகு தேய்க்கும் பிரஷ், மடக்கு ஏணி என்று கண்டதையும் விற்கிற கம்பெனிக்கு வீடியோ தொகுத்துக் கொடுக்கிறேன். பேசுகிறவர் மூச்சு வாங்கினால் வெட்டு, யோசித்தால் வெட்டு, எச்சில் விழுங்கினால் வெட்டு. "ஒரு செகண்ட் சும்மா இருந்தா பாக்கறவன் ஓடிடுவான்மா" என்பது எங்கள் முதலாளியின் வேதவாக்கு. எட்டு வருடமாக அதைக் கேட்டுக் கேட்டு, வீட்டில் யாராவது இழுத்துப் பேசினால்கூட எனக்குக் கை பரபரக்கும். என்னை எல்லாரும் பட்டாசு என்று கூப்பிடுவது சும்மா இல்லை.

அதனால் தாத்தா பாட்டியின் ஐம்பதாவது கல்யாண நாளுக்குப் பேரப்பிள்ளைகள் எல்லாரும் வாழ்த்து அனுப்பி ஒரே வீடியோவாக்க வேண்டும் என்று பேச்சு வந்தபோது, வேலை என் தலையில் விழுந்தது. வெளிநாட்டில் நர்ஸாக இருக்கும் சித்தப்பா மகள் (வீட்டில் அவளுக்குப் பெயரே நர்ஸ்தான்) எல்லாரிடமும் வாங்கி, இணையத்தில் தன் பெயரில் ஒரு பொது ஃபோல்டர் திறந்து போட்டுவிடுவாள். நான் எடுத்துத் தைக்க வேண்டும். கல்யாண நாளன்று வீட்டுக் கூடத்தில் பெரிய டிவியில் போடுவதாக ஏற்பாடு.

மனிதன் ஒன்று நினைத்தால் நடப்பது வேறு. கல்யாண நாளுக்கு மூன்று நாள் இருக்கும்போது பாட்டி குளியலறை வாசலில் மூச்சுத் திணறி உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் பார்த்தால் இதய வால்வு கல்லாய் இறுகிப்போயிருக்கிறதாம். டாக்டரம்மா ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்.

"கல்யாண நாளன்னைக்கு சாயங்காலம் நாலு மணிக்கு ஆபரேஷன் தியேட்டர் கிடைச்சிருக்கு. மூணு மணிக்குள்ள அவங்க கையெழுத்து வேணும். இதை விட்டா அடுத்த வாரம்தான். அடுத்த வாரம் வரைக்கும் தாங்குவாங்கன்னு என்னால சொல்ல முடியாது."

பாட்டிக்கு நினைவு தெளிவாக இருந்தது. அதனால் மற்றவர் கையெழுத்து செல்லாது. படிவத்தை நீட்டியதும் அவள் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"கோட்டானைப் பாக்காம கையெழுத்துப் போட மாட்டேன். கத்தி வெச்சப்புறம் நான் எந்திரிக்கலைன்னா யாரு பதில் சொல்றது?"

கோட்டான் என்பது என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன். சின்ன வயதிலிருந்தே வாயைத் திறக்க யோசிப்பவன். ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் காப்பி ஆறிவிடும். ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்தவளே பாட்டிதான். அவன் கப்பலில் இன்ஜின் ஃபிட்டர். நான்கு வருடம் முன்னால் பெரியப்பா போனபோது அவன் நடுக்கடலில் இருந்தான். செய்தி அவனுக்குக் கிடைக்கவே பன்னிரண்டு நாள் ஆயிற்று. வந்து நின்றபோது தாத்தா கதவைத் திறக்கவில்லை. "அப்பனுக்குக் கொள்ளி வைக்க வராதவன் பேர் இந்த வீட்ல யார் வாயிலயும் வரக்கூடாது" என்றார். தாத்தா ரிட்டயர்டு சர்வேயர். நிலத்தில் ஒரு அங்குலம் விட்டுக்கொடுக்காதவர் மனுஷன் விஷயத்தில் விடுவாரா? நாங்களும் வாயை மூடிக்கொண்டோம். அவனோடு தொடர்பு வைத்திருந்தவள் நர்ஸ் ஒருத்திதான். நானும் நான்கு வருடமாக அவனுக்கு ஒரு வரி எழுதவில்லை, அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இப்போதும் அவன் கடலில்தான். இன்னும் பத்து நாளைக்குத் துறைமுகம் கிடையாது, போனும் எடுக்காது. ஆனால் கப்பல் கரையை விட்டுக் கிளம்புவதற்கு முன் ஒரு வாழ்த்து எடுத்து அனுப்பியிருந்தான். 'அண்ணனும் அனுப்பிட்டான்கா, பாரு' என்று நர்ஸ் எழுதியிருந்தது ஞாபகம் வந்தது. நான் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வீடியோவுல வரான் பாட்டி. கல்யாண நாளன்னைக்கு உன் முன்னாடி வந்து பேசுவான். சத்தியமா."

சத்தியம் செய்யும்போது நான் அவன் வீடியோவைத் திறந்துகூடப் பார்த்திருக்கவில்லை.

அதற்கு முன்பே வந்து சேர்ந்திருந்த துண்டுகளோ ஒவ்வொன்றும் ஒவ்வொரு லட்சணம். ஒருத்தன் போனை நிற்கவைத்து எடுத்திருந்தான், ஒருத்தி படுக்கவைத்து. நிற்பதற்கு இரண்டு பக்கமும் அதே படத்தை மங்கலாக்கி நிரப்பினேன். ஒருத்தன் காற்றில் நின்று கத்தியிருந்தான், இன்னொருத்தி படிக்கட்டில் கிசுகிசுத்திருந்தாள். காது மந்தமான தாத்தாவுக்கு எட்டும்படி எல்லார் சத்தத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தேன், கீழே எழுத்தும் போட்டேன். போன் வீடியோவில் ஒரு வியாதி உண்டு. விநாடிக்கு இத்தனை படம் என்று ஒரே சீராக எடுக்காது. அப்படியே தொகுப்பில் போட்டால் போகப் போக உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் போய்விடும். அதனால் எல்லாவற்றையும் முதலில் ஒரே வேகத்துக்கு மாற்ற வேண்டும்.

இத்தனையையும் ஒவ்வொன்றாகச் செய்ய யாருக்குப் பொறுமை? ஆபீஸில் செய்வதையே செய்தேன். பதினாலு துண்டையும் வரிசையாக மென்பொருளில் கொடுத்து, இரைச்சலை நீக்கு, பேச்சில்லாத இடத்தை வெட்டு, ஒரே வேகத்துக்கு மாற்று என்று மூன்று கட்டளை போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். அது கல்யாண நாளுக்கு ஒரு வாரம் முந்தி, பாட்டி நன்றாக நடமாடிக்கொண்டிருந்த நேரம். திரும்பி வந்தால் பதினாலும் கச்சிதமாக இருந்தன. நர்ஸின் ஃபோல்டரில் இடம் நிறைந்துபோய், பாக்கி இரண்டு பேர் அனுப்ப முடியவில்லை என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்த, வெட்டாத அசல் வீடியோக்களை அழித்தேன். என் கணினியிலும் இடமில்லை. இங்கேயும் அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். புத்திசாலி என்று முதுகில் தட்டிக்கொள்ளாத குறை.

ஆஸ்பத்திரியில் சத்தியம் செய்துவிட்டு வந்து கோட்டானின் துண்டைத் திறந்தேன். நான்கு விநாடி. ஒரு இரும்புச் சுவர், அவன் முகம், கண் எங்கேயோ பார்க்கிறது. "சரி. தாத்தாகிட்ட சொல்லிடு, பாட்டி." அவ்வளவுதான், முடிந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நான்கு வருடம் கழித்துப் பேசுகிறவன், கரண்ட் பில் கட்டச் சொல்வது மாதிரி ஒரு வாக்கியமா? என்ன சொல்ல வேண்டுமாம் தாத்தாவிடம்? "திமிரு புடிச்சவனே" என்று திரையைப் பார்த்தே திட்டினேன். இதைக் காட்டினால் கையெழுத்து விழுமா? இருக்கிற வலியோடு இதுவும் சேரும்.

அதனால் ஒரு பாவம் செய்தேன். என் பழைய போனில், அவன் பேச்சுவார்த்தையில் இருந்த காலத்தில் அனுப்பிய குரல் பதிவுகள் ஏழு இருந்தன. ஒன்றில் "பாட்டி எப்படி இருக்கா" என்று கேட்டிருந்தான். அதிலிருந்து 'பாட்டி'. இன்னொன்றில் யாரோ நண்பன் கல்யாணத்துக்கு "ரொம்ப சந்தோஷம், நல்லா இருக்கணும்". வேறொன்றில் "சீக்கிரம் வந்துடறேன்". ஒரு பதிவில் மழை, ஒன்றில் பஸ் ஹாரன். ஒட்டுப்போட்ட இடம் தெரியாமலிருக்க அடியில் மெல்லிய இசையை ஓடவிட்டேன். இடைவெளிகளை இறுக்கினேன். அவனுடைய சிரித்த போட்டோ ஒன்றை மேலே வைத்து மெதுவாகப் பெரிதாகும்படி செய்தேன். இருபத்திரண்டு விநாடி. கேட்டால் என் கண்ணிலேயே நீர் வந்தது. அவ்வளவு அழகாக அவன் ஜென்மத்திலும் பேசியதில்லை.

கல்யாண நாள் காலை பதினோரு மணிக்கு வார்டில் மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துப் போட்டேன். பாட்டி மூக்கில் பிராணவாயுக் குழாயோடு சாய்ந்திருந்தாள். தாத்தா பக்கத்து நாற்காலியில். ஒவ்வொரு பேரனும் பேத்தியும் வர வர இரண்டு பேருக்கும் முகம் மலர்ந்தது. "இவன் ஏன் இப்படிப் பனமரமா வளந்துட்டான்?" என்று பாட்டி சிரித்து, அதற்கே மூச்சு வாங்கினாள். கடைசியில் கோட்டான் போட்டோ வந்தது. தாத்தா சட்டென்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இருபத்திரண்டு விநாடியும் முடிந்தது. பாட்டி மறுபடி போடச் சொன்னாள். போட்டேன்.

"இது அவன் இல்லடி."

"அவன் குரல்தான் பாட்டி."

"குரல் அவனுதுதான். பேசினது அவன் இல்ல. என் கோட்டான் இப்படிக் கடகடன்னு பேசுவானா? ஒரு வார்த்தைக்கும் இன்னொரு வார்த்தைக்கும் நடுவுல நான் ஒரு தூக்கம் போட்டு எந்திரிச்சிடலாம்." மூச்சு முட்டியது, நிறுத்தினாள். "என்னடி பண்ணின? உண்மையைச் சொல்லு. அவன் இருக்கானா?"

போலியாக ஒன்றைச் செய்து, உயிரோடு இருக்கிறவனைச் செத்தவனாக்கிவிட்டேன். பாட்டியின் தலைமாட்டில் இருந்த இயந்திரம் வேகமாகக் கத்தத் தொடங்கியது. ஓடிவந்த வார்டு நர்ஸம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். பாட்டி படிவத்தைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டாள். அப்பா குனிந்து எடுத்தார்.

"இருக்கான் பாட்டி, நல்லா இருக்கான். நிஜமாவே பேசி அனுப்பினான். நாலு செகண்ட்தான் பேசினான், அதான் நான்..."

"நாலு செகண்டா? அவன் தொண்டையைச் செருமவே ஒரு நிமிஷம் ஆகுமே!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடிப் பாவி என்று என்னையே அறைந்துகொள்ளத் தோன்றியது. மென்பொருள் பேச்சில்லாத இடத்தை வெட்டியிருக்கிறது. கப்பல் இன்ஜின் இரைச்சல் இருந்திருந்தால் அது வெட்டியிருக்காது, சத்தம் என்று விட்டிருக்கும். முதலில் இரைச்சலை நீக்கச் சொன்னதும் நான். நீக்கியபின் மிஞ்சிய அமைதியை வெட்டச் சொன்னதும் நான். அவன் பேசாமல் இருந்தது எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. அதைப் பார்த்த ஒரே ஜீவன் என் கணினி, அதிலிருந்தும் அழித்தாயிற்று.

மணி பன்னிரண்டே கால். வராந்தாவுக்கு ஓடி, வெளிநாட்டில் இருக்கும் எங்கள் நர்ஸுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. அவளுக்கு டியூட்டி நேரத்தில் போன் லாக்கரில் இருக்கும். ஏழு முறை அடித்தேன். பிறகு அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் பொது எண்ணைத் தேடி அடித்தேன். ஒரு குரல் இன்னொரு குரலுக்கு மாற்றியது, அது பாட்டுப் போட்டுக் காக்கவைத்தது, அடுத்த குரல் எந்த வார்டு என்று கேட்டது. எனக்கு எப்படித் தெரியும்? அவள் பெயரை மட்டும் எழுத்துக் கூட்டிக் கூட்டிச் சொன்னேன். "குடும்பத்தில் உயிர் போகிற விஷயம்" என்றேன். பொய்யே இல்லை. ஒருவழியாக அவள் வந்தபோது மணி ஒன்று நாற்பது.

"அக்கா? பாட்டிக்கு என்ன?"

"பாட்டி இருக்கா. நீ அழாத, கேளு. கோட்டான் அனுப்பினது உன்கிட்ட இருக்கா?"

"அதான் ஃபோல்டர்ல போட்டேனே. போன்ல வெச்சுக்கல, ரொம்பப் பெருசு."

"ஃபோல்டர்ல நான் அழிச்சிட்டேன்டி."

"முழுசாப் பாத்துட்டுத்தானே அழிச்ச?" என்று கேட்டாள். கேட்காதவள் போல அவசரமாகப் பேசினேன்.

"ஃபோல்டர் உன் பேர்ல இருக்கு. நான் அழிச்சாலும் உன் கணக்குக் குப்பையில முப்பது நாள் கிடக்கும். உன்னால மட்டும்தான் எடுக்க முடியும். போய்ப் பாரு, கால்ல விழறேன்."

"எங்க மேட்ரன் கொன்னுடுவா. இரு." லாக்கர் திறக்கிற சத்தம் கேட்டது. அவள் மூச்சு கேட்டது. நான் ஆஸ்பத்திரிச் சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றேன். எனக்குத் தெரிந்த சாமி, தெரியாத சாமி எல்லாரையும் கூப்பிட்டேன்.

"இருக்குக்கா. மீட்டாச்சு. ரெண்டு நிமிஷம் அம்பத்தஞ்சு செகண்ட்."

உடனே போட்டுப் பார்க்கலாம் என்றால் முடியவில்லை. மீட்ட வீடியோ இணையத்திலேயே ஓட இன்னும் தயாராகவில்லை, பிறகு முயலவும் என்றது. இறக்கித்தான் ஆக வேண்டும். அந்தப் புண்ணியவான் போனில் இருக்கிற உச்சத் தரத்தில் எடுத்திருந்தான். ஒன்றரை ஜிபி கோப்பு. ஆஸ்பத்திரி வைஃபை ஒரு மணி இருபது நிமிடம் என்று காட்டியது. மணி ஒன்று ஐம்பது. மடிக்கணினியைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கி, வாகன நிறுத்தத்தில் ஆம்புலன்ஸுக்குப் பக்கத்தில் சிக்னல் நன்றாக இருந்த இடத்தில் தரையில் உட்கார்ந்தேன். போனிலிருந்து இணைப்புக் கொடுத்தேன். முப்பத்தெட்டு நிமிடம் என்றது. அறுபது சதவீதத்தில் அப்பா போன் செய்தார், நான் துண்டித்தேன். மறுபடி செய்தார், துண்டித்தேன். "படிவம் கேக்கறாங்க, பாட்டி பேச மாட்டேங்கறா" என்று செய்தி வந்தது. போன் சூடாகிக் கையைச் சுட்டது. எண்பத்தொன்றில் நின்றுவிட்டது. அசையவில்லை. ஒரு பெரியவர் "என்னம்மா, யாருக்காவது ஆயிடுச்சா?" என்று கேட்டார். நான் அழுதுகொண்டிருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. பிறகு எண்பத்திரண்டு, எண்பத்து மூன்று என்று அதுவாகவே நகர்ந்தது.

மூன்று மாடி ஏறி வார்டுக்குள் நுழையும்போது மணி இரண்டு நாற்பத்தெட்டு. டாக்டரம்மா கட்டில் பக்கத்தில் நின்றிருந்தார். "மூணு நிமிஷம் குடுங்க டாக்டர், மூணே நிமிஷம்" என்றேன். என் கோலத்தைப் பார்த்து அவர் மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரம் பார்த்துவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்றார்.

போட்டேன். இசை இல்லை, எழுத்து இல்லை. கப்பல் இன்ஜின் அடியில் உறுமிக்கொண்டே இருந்தது. கோட்டான் போனை எதிலோ சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தான். எண்ணெய்க் கறை படிந்த சட்டை. நேராகப் பார்த்தான். வாயைத் திறந்தான், மூடினான். கையால் முகத்தைத் துடைத்தான். குனிந்தான். இருபது விநாடி, நாற்பது விநாடி. எனக்குப் பழக்கதோஷத்தில் விரல் துடித்தது, பிடித்துக்கொண்டேன். பாட்டி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "சொல்லுடா, சொல்லு. அவசரமில்ல" என்று முணுமுணுத்தாள்.

தாத்தா காலையில் போலவே ஜன்னலைப் பார்த்துத் திரும்பியிருந்தார். அவன் பேசியிருந்தால் கடைசிவரை அப்படியே இருந்திருப்பார், எனக்கு அவரைத் தெரியும். அறையில் யாரும் பேசவில்லை, திரையிலும் பேச்சில்லை. காது மந்தமான மனுஷனுக்கு என்ன நடக்கிறது என்று புரியவில்லை. நின்றுபோய்விட்டதா என்று திரும்பிப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே இருந்துவிட்டார். நான்கு வருடத்தில் கோட்டான் முகம் முழுக்கப் பெரியப்பாவாகியிருந்தது. அதே ஏறிய நெற்றி, அழுகையை அடக்கும்போது அதே மாதிரி ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும் உதடு. தாத்தா நாற்காலியை ஒரு அடி முன்னால் இழுத்துப் போட்டார்.

இரண்டு நிமிடம் தாண்டியது. கோட்டானின் தோள் குலுங்கியது. சத்தமே வரவில்லை. இரண்டு கையையும் சேர்த்து நெஞ்சுக்கு நேராகக் கொண்டுவந்து, நடுவழியிலேயே இறக்கிவிட்டான். கடைசியில் எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னான்.

"சரி. தாத்தாகிட்ட சொல்லிடு, பாட்டி."

திரை இருண்டது.

"என்ன சொல்லணுமாம் எங்கிட்ட?" தாத்தா இருண்ட திரையைப் பார்த்தே கேட்டார்.

"இவ்ளோ நேரம் சொன்னானே, உங்களுக்குக் கேக்கலையா?" என்றாள் பாட்டி.

தாத்தா நாற்காலியிலிருந்து எழுந்தார். அப்பா கையிலிருந்த படிவத்தை வாங்கி, தன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றிப் பாட்டி விரலுக்குள் வைத்தார். பாட்டி கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டாள். "ஐம்பது வருஷத்துல இன்னைக்குத்தான் நான் கேக்காம ஒண்ணு எடுத்துக் குடுத்திருக்கீங்க" என்றாள். டாக்டரம்மா படிவத்தோடு வெளியே போனார். மூன்றரைக்குப் பாட்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

ஐந்து, ஆறு மணி நேரம் ஆகும், உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்றார்கள். வராந்தா பெஞ்சில் தாத்தாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. தியேட்டர் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"நான் அனுப்பினா அவனுக்குப் போகுமா?"

"கரைக்கு வந்ததும் பாப்பான் தாத்தா. இன்னும் ஒரு வாரம் ஆகும்."

"எடு."

போனை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்து, சிவப்புப் புள்ளியைத் தொட்டேன். தாத்தா சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். வாயைத் திறந்தார், மூடினார். கதவைப் பார்த்தார். மறுபடி என் கையிலிருந்த போனைப் பார்த்தார். ஒரு நிமிடம் ஓடியது, இரண்டு ஓடியது. எனக்குக் கை வலித்தது, மற்றக் கையால் தாங்கிக்கொண்டேன்.

"பதிவாகுதா?" என்று கேட்டார்.

"ஆகுது தாத்தா," என்றேன். "நீங்க இருங்க."